கொட்டுகிற முடியும் மூன்று மாதக் கணக்கும்

பாளையங்கோட்டையில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். தை பிறந்ததும் என் மேஜைக்குப் பிளாஸ்டிக் பைகள் வரத் தொடங்கிவிடும். ஜவுளிக்கடைப் பை, நகைக்கடைப் பை, சில நேரம் பிள்ளையின் பால்பவுடர் டப்பா. உள்ளே சுருட்டி வைத்த முடி. "ஒரு தடவை தலைக்குக் குளிச்சதுல வந்தது டாக்டரம்மா, எண்ணிப் பாருங்க" என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு நம் பக்கம் டெங்குவும் மற்ற காய்ச்சல்களும் பரவும். அதில் படுத்து எழுந்தவர்களின் முடி தையிலும் மாசியிலும் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்தே போயிருக்கும். கொட்டத் தொடங்கிய வாரத்தில் எது புதிதோ அதன் மேல் பழி விழும். புது ஷாம்பு, புது ஊர்த் தண்ணீர், குற்றாலத்தில் குளித்தது, யாரோ கண் வைத்தது.

இப்படிக் கொட்டும் முடியின் காரணம் பெரும்பாலும் நேற்றோ போன வாரமோ நடந்ததில் இருக்காது. இரண்டிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய்த் தேட வேண்டும். ஆனால் எல்லா முடி இழப்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் முதலில் எந்த வகை என்று பிரிக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பையில் இருக்கிற முடியே போதும்.

முதலில்: உதிர்ந்த முடியின் நுனியைப் பாருங்கள்

கறுப்புத் துணியோ காகிதமோ ஒன்றை விரித்து, உதிர்ந்த முடியில் இருபதைத் தனித்தனியாக அதன் மேல் வையுங்கள். ஒவ்வொரு முடிக்கும் இரண்டு முனை. ஒரு முனையில் ரவையைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு குமிழ் இருக்கிறதா? விரலால் நீவினால் சிறு முண்டு போலத் தட்டுப்படும். அதை "வேரோட பிடுங்கிட்டு வந்துடுச்சு" என்று பயப்படுவார்கள். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போய் ஆயுள் முடிந்த முடியின் அடிப்பகுதி அது. வேர் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

இருபதில் பெரும்பாலானவை வெள்ளைக் குமிழோடு, உங்கள் கூந்தலின் முழு நீளத்துக்கும் இருந்தால் கீழே முதல் அறிகுறிக்குப் போங்கள். குமிழே இல்லாமல் இரண்டு பக்கமும் மொட்டையாகவோ பிசிறாகவோ, நான்கைந்து அங்குலத் துண்டுகளாக இருந்தால் மூன்றாவதுக்குப் போங்கள். உதிர்ந்த முடி அதிகம் இல்லை, ஆனால் தலையில் ஓரிடத்தில் மட்டும் வெற்றிடம் தெரிகிறது என்றால் இரண்டாவது.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. நாளுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது இயல்பு. ஆனால் நம் பெண்கள் பலர் செவ்வாயும் வெள்ளியும்தான் தலைக்குக் குளிக்கிறார்கள். நடுவில் உதிர்ந்தவை பின்னலுக்குள்ளேயே சிக்கி நின்று, வெள்ளிக்கிழமை மொத்தமாக வரும். மூன்று நாள் முடி ஒரே குளியலில் இருநூறு வந்தால் அதில் விசேஷம் எதுவும் இல்லை. அதனால் ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வழக்கமான வெள்ளிக்கிழமையை விட இந்த வெள்ளி இரண்டு மூன்று மடங்கா என்பதுதான் கேள்வி.

அறிகுறி ஒன்று: தலை முழுக்க, கொத்துக் கொத்தாக, வெள்ளைக் குமிழோடு

ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். எப்போது பார்த்தாலும் பத்தில் ஒரு பங்கு முடி இந்த ஓய்வில் இருக்கும். கடுமையான காய்ச்சலோ, பெரிய அறுவை சிகிச்சையோ, அதிக ரத்தப்போக்கோ, பட்டினியோ வந்தால் உடம்பு முடி வளர்க்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி, நிறைய முடியை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அந்த முடி அன்றைக்கே விழாது. தன் மூன்று மாதத்தை முடித்துவிட்டு ஒன்றாக விழும். வேப்பமரம் மாசியில் இலையைக் கொட்டும்போதே துளிர் விடுகிறதல்லவா, அதுபோலப் பழைய முடி விழுகிற நேரத்தில் அதே குழியில் புது முடி கிளம்பிக்கொண்டிருக்கும்.

பிரசவத்தில் கதை சற்று வேறு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் முடியை உதிர விடாமல் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் ஏழாம் மாதம் வளைகாப்பில் பின்னல் அத்தனை தடிமனாகத் தெரிகிறது. பிரசவமானதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. அத்தனை மாதமாக உதிர்ந்திருக்க வேண்டிய முடியும் சேர்ந்து, இரண்டாவது மாதத்துக்கும் நான்காவது மாதத்துக்கும் நடுவில் வரத் தொடங்கும். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிச்சா தாய்க்கு முடி உதிரும்" என்று ஆச்சிமார் சொல்வார்கள். காரணம் பிள்ளையின் சிரிப்பு இல்லை, ஆனால் மாதக் கணக்கு அச்சாகச் சரி. பிள்ளை ஆளைப் பார்த்துச் சிரிப்பதும் அந்த வயதில்தான்.

போன வருடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன், கணக்குப் போடும் விதம் புரியும். வயது இருபத்தாறு. தாய் வீடு கல்லிடைக்குறிச்சி, கட்டிக்கொடுத்தது ராதாபுரம் பக்கம். முதல் பிரசவம், தாய் வீட்டில் இருந்தபோது, செப்டம்பர் 24. மார்கழி பிறப்பதற்கு முன்னால் கொண்டுபோய் விட வேண்டும் என்று டிசம்பர் 14 அன்று பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 27லிருந்து முடி கொட்டுகிறது. பொங்கல் கழிந்து, மாமியாரோடு என்னிடம் வந்தாள்.

"அங்க போயி பதிமூணே நாள்ல கொட்ட ஆரம்பிச்சுட்டு டாக்டரம்மா. போர் தண்ணி, ஒரே உப்பு. எங்கம்மை வீட்டுல ஆத்துத் தண்ணி."

பக்கத்தில் இருந்த மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊர்த் தண்ணியிலதானே நானும் அறுபது வருசமா குளிக்கேன்" என்று தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினார். உண்மையிலேயே நல்ல கொண்டை.

காலண்டரை எடுத்து எண்ணினோம். செப்டம்பர் 24லிருந்து டிசம்பர் 27 வரை 94 நாள். மூன்று மாதமும் இரண்டு மூன்று நாளும். அவள் கல்லிடைக்குறிச்சியிலேயே இருந்திருந்தாலும் அதே வாரத்தில்தான் கொட்டியிருக்கும். பையில் இருந்த முடியில் இருபதை எடுத்து வைத்தேன். பத்தொன்பதில் வெள்ளைக் குமிழ். எல்லாம் இடுப்பு நீளம். ஒன்று மட்டும் ஒடிந்த முடி. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், ஒடியவும் விடும். ஆனால் குமிழோடு உதிர்வதற்கு அது காரணமாகாது.

பிறகு இழுத்துப் பார்க்கும் சோதனை. இதை வீட்டிலும் செய்யலாம். தலைக்குக் குளித்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஐம்பது அறுபது முடியைத் தலையோடு ஒட்டிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நுனி வரை மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். பிடுங்கக் கூடாது, வலிக்கக் கூடாது. ஆறுக்கு மேல் கையோடு வந்தால் இப்போது உதிர்வு தீவிரமாக நடக்கிறது. உச்சி, இரண்டு பக்கம், பிடரி என்று நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒன்பது, எட்டு, பதினொன்று, ஏழு என்று வந்தது. நான்கு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இந்த வகை உதிர்வு அப்படித்தான் இருக்கும். தலை முழுக்கப் பரவும், ஓரிடத்தை வழுக்கையாக்காது. பின்னல் மெலியும், நெற்றி ஓரங்களில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். மொத்தத் தலையும் காலியாகிவிடாது. பாதி முடிகூடப் போகாது.

சரி, அப்படியானால் மருந்து என்ன? இந்த உதிர்வை நிறுத்தும் மருந்து கிடையாது. விழ வேண்டிய முடி மூன்று மாதத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. என்ன எண்ணெய் தேய்த்தாலும் அது விழும். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தானாக அடங்கும். அதற்குள் ஏதாவது ஒன்றைத் தேய்த்திருப்பார்கள், அதற்கு நல்ல பெயர் கிடைக்கும். கருஞ்சீரக எண்ணெயிலிருந்து ஆன்லைனில் வாங்கும் சீரம் வரை இப்படிப் பெயர் வாங்கியவை ஏராளம்.

நான் செய்வது, புது முடி வளர்வதற்குக் குறுக்கே எதுவும் நிற்கிறதா என்று பார்ப்பது. அவளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தது. கர்ப்ப காலத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிட்டாள். மலம் கறுப்பாகப் போகிறது, கட்டுகிறது என்று காரணம். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் அதைச் சாப்பிட வேண்டும் என்பது அரசு முறை. யாரும் அழுத்திச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஹீமோகுளோபின் 9.2. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 8. தைராய்டு சரியாக இருந்தது.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். காபியோ டீயோ குடித்தால் அதற்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி. எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு விழுங்கினால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் மீனும் முட்டையும் சாப்பிடச் சொன்னேன். பத்தியம் என்று வெறும் ரசஞ்சோற்றில் நாற்பது நாள் ஓட்டுவது பிரசவத்துக்கும் ஆகாது, டைபாய்டு முடிந்தவர்களுக்கும் ஆகாது. காய்ச்சல் ஏற்கெனவே ஒரு அலை முடியை ஓய்வுக்கு அனுப்பியிருக்கும். அதற்கு மேல் பட்டினியும் சேர்ந்தால் அடுத்த அலைக்கு நாமே நாள் குறித்த மாதிரி.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தப்புகள் சில. கொட்டுகிற பயத்தில் தலை சீவாமலும் குளிக்காமலும் இருப்பது. உதிர்ந்த முடி உள்ளேயே சிக்கி, பத்து நாள் கழித்து ஒரே தடவையில் பந்து போல வரும், பயம் இரட்டிப்பாகும். இன்னொன்று, மெடிக்கலில் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது. குறை இல்லாதவருக்கு அதனால் முடியில் பெரிய மாற்றம் வராது. அதைவிட, அதிக அளவு பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் அளவைத் தப்பாகக் காட்டிவிடும். சாப்பிட்டால் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, மினாக்சிடில் திரவத்தைத் தானாக வாங்கித் தடவுவது. தொடங்கிய முதல் சில வாரங்களில் அதுவே கொஞ்சம் முடியை உதிர்க்கும். ஏற்கெனவே கொட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்க மாட்டார். தாய்ப்பால் கொடுப்பவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மொட்டை போடுவதையும் கேட்பார்கள். திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். அதனால் வேரில் எந்த மாற்றமும் இல்லை. கத்தி வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் முளைக்கும்போது தடிமனாகத் தெரியும், அவ்வளவுதான்.

மன அதிர்ச்சியும் காரணமாகலாம். வீட்டில் திடீர்ச் சாவு, விபத்து போன்ற பெரிய அடிக்கும் இதே மூன்று மாதக் கணக்குதான். ஆனால் தினசரி வேலை டென்ஷனை எல்லாம் இந்தக் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. "டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிய பெண்களில் தைராய்டு கோளாறும், மாதவிலக்கில் ரத்தம் போய்ப் போய் வந்த சோகையும் பிறகு தெரியவந்திருக்கின்றன.

இந்த வகை என்று நினைத்தும் கணக்கு உதைக்கிற இடங்கள் உண்டு. ஆறு மாதம் தாண்டியும் அதே வேகத்தில் கொட்டுவது. பின்னோக்கிப் பார்த்தால் எந்தக் காரணமும் அகப்படாமல் இருப்பது. பிரசவமான நாலைந்து மாதத்தில் முடியோடு சேர்ந்து படபடப்போ, அளவுக்கு மீறிய அசதியோ, எடை ஏறுவதோ இருப்பது. அப்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வீங்கிக் கோளாறாவது உண்டு, அதையும் "பிள்ளை பெத்த முடி" என்று விட்டுவிடக்கூடாது. இன்னொரு வகையில், உதிர்வு நின்ற பிறகும் உச்சி வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகும், அங்கே முடி மெல்லிசாகும். அது குடும்பத்தில் வருகிற வழுக்கை. முன்பே மெதுவாகத் தொடங்கியிருக்கும், இந்த உதிர்வு அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. அதற்கு வைத்தியம் வேறு, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

அறிகுறி இரண்டு: ஓரிடத்தில் மட்டும் வெற்றிடம்

இங்கே மூன்று மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

காசு அளவில் வட்டமாக, குழந்தையின் கன்னம் போல வழவழப்பாக, செதிலோ அரிப்போ இல்லாமல் இருந்தால் அது புழுவெட்டு. சில பேருக்கு தாடியில்தான் முதலில் தெரியும். வட்டத்தின் ஓரத்தில் குட்டையான முடிகள் இருக்கும், அடியில் மெலிந்தும் மேலே தடித்தும், ஆச்சரியக்குறி மாதிரி. நகத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னக் குழிகளும் இருக்கலாம். எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி முடியின் வேரையே தாக்குகிறது. வேர் சாகவில்லை, அதனால் பலருக்குத் தானாகவே திரும்ப முளைக்கும், முதலில் வெள்ளை முடியாக வரும். வெள்ளையைப் பார்த்து நரைத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம். திரும்பாவிட்டால் அந்த வட்டத்துக்குள்ளேயே நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவோம். சின்ன வெங்காயம் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் பூண்டை அரைத்துக் கட்டுவதும், சேராங்கொட்டை தடவுவதும், பிளேடால் கீறுவதும் தோலைப் புண்ணாக்கித் தழும்பாக்கும். வேர் தழும்பில் போய்விட்டால் திரும்ப வராது. திரும்பி வந்திருக்க வேண்டிய முடியை இப்படி இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளின் தலையில், வெள்ளைச் செதிலோடு, அரிப்போடு, முடி கறுப்புப் புள்ளி மாதிரி ஒட்ட ஒடிந்து நின்றால் அது படை, பூஞ்சை. சீப்பு, தொப்பி, தலையணை வழியாக வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும், பாருங்கள். தலையில் வரும் படைக்கு மேல்பூச்சு மட்டும் போதாது. பூஞ்சை முடிக்குள்ளேயே இருக்கிறது, வாரக் கணக்கில் மாத்திரை வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு கலந்த கிரீம் அரிப்பை அடக்கி, நோயைப் பெரிதாக்கும். சில நேரம் அந்த இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் வடியும். கட்டி என்று நினைத்துக் கீற விடாதீர்கள், அதுவும் படைதான்.

வெற்றிடம் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் வரிசையாக இருந்தால் பின்னலைப் பாருங்கள். இழுத்துப் போட்டு மடித்துக் கட்டும் ரெட்டைச் சடை, அதன் மேல் பந்து பந்தாகப் பிச்சிப்பூ. வருடக் கணக்கில் இழுபட்டால் அங்கே முடி திரும்பாது. பிள்ளைக்குப் பின்னலைத் தளர்த்துவதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

இவற்றில் எதுவும் இல்லாமல், வெற்றிடத்தின் தோல் பளபளவென்று, முடிக்குழியே தெரியாமல் இருந்தால், அதோடு எரிச்சலோ வலியோ இருந்தால், அந்த வாரமே காட்டுங்கள். தழும்பாக்கும் நோய்களில் இருக்கிற முடியைத்தான் காப்பாற்ற முடியும், போனதைக் கொண்டுவர முடியாது.

அறிகுறி மூன்று: துண்டு துண்டாக

இங்கே தலையின் அடர்த்தி குறையாது, நீளம்தான் குறையும். "எவ்ளோ வளத்தாலும் தோளைத் தாண்ட மாட்டேங்குது" என்பார்கள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரத்தான் செய்கிறது, கீழே ஒடிந்துகொண்டே போகிறது. ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்தால் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியில் முடி, நுனி பிரிந்த இரண்டு தூரிகையை எதிரெதிரே செருகியது போல நைந்திருக்கும். தலையில் இருக்கிற முடியின் நடுப்பகுதியை ஒரு கையில் பிடித்து, நுனியை மறுகையால் லேசாக இழுங்கள். பட்டென்று அறுந்தால் சந்தேகமே இல்லை.

காரணம் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால் செய்த ஸ்ட்ரெய்ட்டனிங், அல்லது ஈரத் தலையைச் சிக்கெடுப்பது, துண்டால் முறுக்கிக் கட்டுவது. போர் தண்ணீருக்கு இங்கேதான் பங்கு. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீரில் குளிப்பவர்கள், கடைசி இரண்டு செம்பு மட்டும் குடிதண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ அலசிப் பாருங்கள், சிக்கு குறையும். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் தேங்காயெண்ணெய் தேய்ப்பதில் நியாயம் இருக்கிறது. அது முடிக்குள்ளேயே இறங்கி, அலசும்போது முடியின் புரதம் கரைவதைக் குறைக்கும். வேருக்கு அது சாப்பாடு போடுவதில்லை. நைந்த நுனியை ஒட்ட வைக்க எதுவாலும் ஆகாது, வெட்டத்தான் வேண்டும்.

அந்த ராதாபுரம் பெண் சித்திரை பிறந்த இரண்டாம் நாள் மறுபடி வந்தாள். ஹீமோகுளோபின் 11.4 ஆகியிருந்தது. கொட்டுவது மாசிக் கடைசியிலேயே அடங்கிவிட்டதாம். இப்போது புதுக் கவலை. நெற்றியில் வகிடு முழுக்கக் குட்டை முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"கொட்டுறது நின்னுட்டு டாக்டரம்மா. இப்போ ஒடிஞ்சு ஒடிஞ்சு நிக்கி. தண்ணியேதான்" என்றாள். மாமியார் இந்தத் தடவை பேசவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒடிந்த முடியின் முனை மொட்டையாகவோ பிசிறாகவோ இருக்கும். புதிதாக முளைத்த முடி யாரும் வெட்டாதது, அதன் முனை ஊசி போலக் கூர்ந்து மெலிந்து போகும். பூதக்கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்து, ஒரு குட்டை முடியின் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். கூர்முனை. நாத்தனார் மகளின் ஸ்கேலை மாமியார் பையிலிருந்து எடுத்தார். வைத்து அளந்தோம். மூன்றரை சென்டிமீட்டர். மாதத்துக்கு ஒன்று என்று பின்னால் எண்ணினால் டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கம். பழைய முடி விழுந்த அதே வாரங்கள்.

பின்னல் பழைய தடிமனுக்கு எப்போது வரும் என்று கேட்டாள். தலையில் அடர்த்தி இந்த வருடக் கடைசிக்குள் வந்துவிடும். ஆனால் இந்த மூன்றரை சென்டிமீட்டர் இடுப்பை எட்ட நாலைந்து வருடம் ஆகும், அதுவரை பின்னல் மேலே தடித்தும் கீழே மெலிந்தும்தான் இருக்கும். தோள் வரை வெட்டிக்கொண்டால் சீக்கிரம் சமமாகும் என்றேன். மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "வெட்டுறதெல்லாம் வேண்டாம்" என்றார் அவர்.

"அப்போ இந்தச் சிலிர்த்து நிக்கிறதை என்ன செய்ய?"

"ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுப் படிய வைங்க. ஹேர்பேண்ட் போட்டு இழுக்காதீங்க."